ஏறும்போது வலிக்காத முழங்கால் இறங்கும்போது ஏன் வலிக்கிறது?

கேள்வி: சேர், எனக்கு வயது 38. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீடு நோர்வூட்டுக்குக் கிட்ட. உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ. போன மாதம் கிளினிக்கில் பார்த்தபோது வெறும் வயிற்றில் சீனி 112. அம்மாவுக்கும் நீரிழிவு இருப்பதால் பயந்துபோய் ஹட்டனில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பாடசாலை விட்டு 2.30க்குப் போகலாம், 3.45 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மூன்று மாதத்தில் 15 கிலோ குறைய ஆசை. பெப்ரவரி நடுவில் குடும்பத்தோடு சிவனொளிபாதமலை ஏறப் போகிறோம். ஏறப் பயமில்லை, இறங்கும்போதுதான் இடது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரும் 15 நிமிட இறக்கத்திலும் அப்படித்தான். வீக்கம் இல்லை, அடிபட்டதும் இல்லை. முன்பு ஒருமுறை மலைக்குப் போய்வந்து மூன்று நாள் உட்கார்ந்தெழும்ப முடியவில்லை. ஜிம்மில் ட்ரெட்மில்லைச் சரிவாக வைத்து ஒரு மணித்தியாலம் நடக்கச் சொல்கிறார்கள். நடந்தால் கால் இன்னும் நோகிறது. பாரம் தூக்க எனக்கு விருப்பமில்லை, உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்று பயம். இந்த நிலைமைக்கு ஏற்ற ஒரு திட்டம் போட்டுத் தருவீர்களா?

பதில்: டீச்சர், ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை கிலோ குறைய வேண்டும் என்பதை மட்டும் எழுதுவார்கள். அதை வைத்து ஒரு திட்டமும் போட முடியாது. நீங்கள் எழுதியதில் எனக்கு வேலைக்கு உதவியது எடைக் கணக்கல்ல, ஏறும்போது வலிக்கவில்லை, இறங்கும்போது வலிக்கிறது என்ற வரிதான். உங்கள் திட்டத்தை அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

படி ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே மெல்ல நீள வேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும் லொறிக்கு எஞ்சினை விட பிரேக்கில்தான் வேலை அதிகம் என்பது மாதிரி, இறக்கத்தில் உங்கள் தொடை பிரேக்காக வேலை செய்கிறது. அந்தத் தசைக்கு வலு போதாமல் போனால், அல்லது அது களைத்துப் போனால், ஒவ்வொரு அடியும் பொத்தென்று விழும். அந்த அதிர்ச்சி முழங்கால் சிரட்டைக்குப் பின்னால் உள்ள மூட்டில் இறங்கும். படி இறங்கும்போது முழங்கால் மூட்டு தாங்கும் விசை உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். உங்கள் கணக்கில் அது ஒரு காலுக்கு 200 கிலோவைத் தாண்டும்.

ட்ரெட்மில் ஏன் சரிவரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. சரிவாக்கிய ட்ரெட்மில் ஏற மட்டும்தான் பழக்கும். நீங்கள் ஏற்கெனவே நாளாந்தம் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறுகிறீர்கள், நகரத்தில் இருப்பவர்கள் காசு கொடுத்துச் செய்கிற வேலை அது. ஒரு கிழமையில் கையில் இருக்கும் இரண்டு மணித்தியாலத்தையும் அதற்கே செலவழித்தால் இறங்குகிற காலுக்கு ஒன்றும் கிடைக்காது. அங்கே சொல்கிறவர்களிடம் சண்டை பிடிக்க வேண்டாம். முழங்கால் நோவுக்காக வேறு அட்டவணை வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இதைச் செய்யுங்கள்.

முதலில் வீட்டில் ஒரு சோதனை. வாசல் படி ஏதாவது 15 செ.மீ. உயரத்தில் இருக்கும், அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். அதன் மேல் இடது காலில் நின்று, ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டு, வலது குதிகால் கீழே தரையை மெல்லத் தொடும் வரை மூன்று எண்ணி இறங்குங்கள். வலது காலில் பாரம் போடாமல் திரும்ப எழும்ப வேண்டும். முன்னால் ஒரு கண்ணாடி வையுங்கள், அல்லது வீட்டில் ஒருவரை ஃபோனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று விடயங்கள் பார்க்க வேண்டும்: முழங்கால் உள்பக்கம் சரிகிறதா, இடுப்பின் ஒரு பக்கம் தொங்குகிறதா, கடைசி அங்குலத்தில் கட்டுப்பாடு போய்ப் பொத்தென்று விழுகிறீர்களா. பிறகு வலது காலிலும் செய்து, எந்தக் காலில் எத்தனை தடவை ஒழுங்காக முடிந்தது என்று கொப்பியில் எழுதுங்கள். என்னிடம் வந்த, இப்படி முன்பக்க நோவுள்ள பலருக்கு நோகிற காலில் நாலைந்துக்கு மேல் வராது. முழங்கால் உள்ளே சரிந்தால் பிழை முழங்காலில் மட்டும் இல்லை, இடுப்பின் பக்கத் தசையும் சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தச் சோதனைதான் உங்கள் முக்கியப் பயிற்சியும். அதற்குப் படியிறக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஜிம்மில் 2.30லிருந்து 3.30 வரை என்று எடுத்தால், உடுப்பு மாற்றும் நேரம் போக ஐம்பது நிமிடம் மிஞ்சும். இரண்டு நாளும் ஒரே அட்டவணை போதும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நாளொரு பயிற்சி என்று மாற்றிக்கொண்டிருந்தால் எதிலும் முன்னேற்றம் தெரியாது. முதலில் சைக்கிளில் ஏழெட்டு நிமிடம் இலேசாக மிதியுங்கள். நவம்பர் மழையில் நனைந்த காலோடு வந்து நேரே பாரத்தைப் பிடிக்க வேண்டாம், உடம்பு சூடாக நம் குளிருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும்.

அடுத்தது படியிறக்கம். களைப்பு வருவதற்கு முன், புதிய காலோடு செய்ய வேண்டியது இது. 10 செ.மீ. உயரத்தில் தொடங்குங்கள். ஜிம்மில் உள்ள பாரத் தட்டுகளை அசையாமல் அடுக்கினாலே அந்த உயரம் கிடைக்கும். ஒவ்வொரு காலுக்கும் ஆறு தடவை, இரண்டு செட். இறங்க மூன்று எண்ண வேண்டும், எழும்புவது சாதாரண வேகம். நோகிற இடது காலில் முதலில் செய்து, வலது காலில் அதே எண்ணிக்கையோடு நிறுத்துங்கள். வலது காலுக்கு இன்னும் முடியும் என்று கூட்டிக்கொண்டே போனால் இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் குறையவே குறையாது. பத்துத் தடவை மூன்று செட் ஒழுங்காக வந்த பிறகுதான் உயரத்தை 15க்குக் கூட்டலாம். அங்கே திரும்பவும் ஆறிலிருந்து தொடங்குங்கள். பிறகு 20. 20 செ.மீ.யும் பத்துக்கு வந்தால் இரண்டு கையிலும் இரண்டிரண்டு கிலோ டம்பெல். உங்கள் மலைப் பைக்கான ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். ஒரு டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து எழும்பும் ஸ்குவாட். பெஞ்சு நோகாத உயரத்தில் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் மேலே ஒரு மெத்தை போடலாம். பின்தொடைக்கும் இடுப்புக்கும் டம்பெல்லோடு ரொமேனியன் டெட்லிஃப்ட், அதாவது முழங்காலைச் சற்றே மடித்து, முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து நிமிர்வது. இருந்தபடி இழுக்கும் ரோ, பெஞ்சில் கை வைத்துச் செய்யும் புஷ்அப், கடைசியில் குதிகால் உயர்த்தல். இவை எல்லாம் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, இரண்டு செட். எட்டுத் தடவை வருகிற பாரத்தை எடுத்து, பன்னிரண்டு வரும்வரை அதே பாரத்தில் நில்லுங்கள். வந்த பிறகு அடுத்த டம்பெல், திரும்ப எட்டு. இன்னும் இரண்டு தடவை முடியும் என்று படுகிற இடத்தில் ஒவ்வொரு செட்டையும் நிறுத்த வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்க வேண்டாம். பிரஷர் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. தொடங்குவதற்கு முன் கிளினிக்கில் ஒருதரம் பார்த்துவிடுங்கள், அதையும் 112ஐயும் சேர்த்து டொக்டரிடம் காட்டிச் சம்மதம் கேட்பது நல்லது.

ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்ற பயத்துக்கு ஒரே பதில்தான். ஆண்களுக்குத் தசை பெருக்க வைக்கும் டெஸ்டொஸ்டெரோன் பெண்களின் உடம்பில் மிகக் குறைவு. அதுவும் கிழமைக்கு இரண்டு நாள், சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு செய்தால், தோள் அகலமாவதற்கு வழியே இல்லை.

வலியை எப்படிக் கணிப்பது என்பதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், புதியவர்கள் பிழை விடுவது இங்கேதான். வலிக்குப் பூச்சியத்திலிருந்து பத்து வரை புள்ளி போடுங்கள். பயிற்சியின்போது முழங்காலில் மூன்று புள்ளி வரை வலி வரலாம், அதற்காக நிறுத்தத் தேவையில்லை. ஆனால் அடுத்த நாள் காலை ரோட்டுக்கு இறங்கும்போது வலி வழமையை விடக் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் படியிறக்கத்தை விட்டுவிடாதீர்கள், உயரத்தை 5 செ.மீ. குறையுங்கள், அல்லது எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இரண்டு கிழமை ஓய்வெடுத்தால் வலி அடங்கும், தசையும் இளகிவிடும். அப்புறம் வெளிக்கிட்டால் பழைய கதைதான். தொடைச் சதையில் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வருகிற அமுக்க நோவு வேறு. அது இரண்டு தொடையிலும் இருக்கும், அமுக்கினால் நோகும், சில நாளில் தானாகப் போய்விடும். முழங்கால் வீங்கினால், மடங்கின இடத்தில் பூட்டு விழுந்த மாதிரி நின்றால், நடக்கும்போது தானாக மடிந்துவிட்டால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், என் அட்டவணையை மூடி வைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள்.

முன்பு மலைக்குப் போய்வந்து மூன்று நாள் பட்ட பாடும் இந்தத் தசை நோவுதான். நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலைக்குப் பழக்கமில்லாத தசைக்கு அது ஒரு நாளில் அளவுக்கு மீறிக் கிடைத்தால், நோவு ஒன்றிலிருந்து மூன்று நாள் வரையில் உச்சத்துக்குப் போகும். ஆனால் தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருதரம் அந்த மாதிரி வேலை செய்துவிட்டால், அடுத்த சில கிழமைக்கு அதே வேலை அவ்வளவு நோகாது. பெப்ரவரிக்கு நாம் பாவிக்கப் போவது இந்தக் குணத்தைத்தான்.

நல்லதண்ணிப் பாதையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், உயரக் கணக்கில் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர். படிகள் ஒரே அளவிலும் இல்லை. ஜிம்மில் ஒரு நாளைக்கு முப்பது படியிறக்கம் செய்து அதற்குப் போதும் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். ஜிம் கொடுப்பது வலு. தாக்குப்பிடிக்கும் தன்மையை உங்கள் வீட்டுப் பாதைதான் கொடுக்க வேண்டும். நவம்பர் முழுவதும் அந்த 15 நிமிட இறக்கத்தை இறங்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். அடியைச் சின்னதாக்கி, முழங்காலைச் சற்றே மடித்து, சத்தமில்லாமல் கால் வையுங்கள். வழுக்கும் என்ற பயத்தில் பின்னால் சாய்ந்து, காலை விறைப்பாக நீட்டி வைக்கிற பழக்கம் நம் தோட்டப் பாதைகளில் எல்லோருக்கும் உண்டு. அது முழங்காலுக்கும் கூடாது, வழுக்குவதற்கும் அதுவே காரணம். கொப்பிகளை ஒரு தோளில் தொங்கும் பையில் கொண்டுபோகிறீர்கள் என்றால் இரு தோளிலும் மாட்டும் பையாக மாற்றுங்கள். மழை நாளில் குடையைப் பொல்லாகவும் பாவிக்கலாம், அடியில் ரப்பர் தேய்ந்திராமல் இருந்தால்.

டிசம்பரில் லீவு விட்டதும், ஞாயிற்றுக்கிழமைகளில் ரோட்டுக்கு இறங்கி, திரும்ப ஏறி, இன்னொருதரம் இறங்கி ஏறுங்கள். ஏறும்போது பக்கத்தில் வருகிறவரோடு துண்டு துண்டாகவாவது பேச முடிகிற வேகம் சரி. ஜனவரியில் இதை மூன்று தரமாக்கலாம், அதாவது ஒரே நாளில் முக்கால் மணித்தியால இறக்கம். மலைக்குப் போகும் நாளுக்குப் பத்திலிருந்து பதினாலு நாள் முன்பாக, நாலு தரம். தொடை நோகும், நோகட்டும். அதுதான் நான் மேலே சொன்ன பாதுகாப்பைக் கொடுக்கும். ஆனால் கடைசிக் கிழமையில் அதைச் செய்தால் நோவோடு மலைக்குப் போவீர்கள். அந்தக் கிழமை ஜிம்மில் ஒரு நாள் மட்டும், பாரத்தைப் பாதியாக்கி, படியிறக்கம் ஒரு செட். அவ்வளவுதான்.

எடைக்கு வருவோம். மூன்று மாதத்தில் 15 கிலோ என்றால் கிழமைக்கு ஒரு கிலோவுக்கு மேல். அந்த வேகத்தில் குறைக்கப் பட்டினி கிடக்க வேண்டும், பட்டினியில் முதலில் போகிற சாமான்களில் நாம் கஷ்டப்பட்டுச் சேர்க்கிற தொடைத் தசையும் ஒன்று. கிழமைக்கு அரைக் கிலோ என்று வைத்தால் பெப்ரவரி நடுவில் ஏழு கிலோ. தைப்பொங்கலும் கல்யாண வீடுகளும் இடையில் வரும் என்பதால் ஐந்து என்று எழுதி வையுங்கள். ஐந்து கிலோ குறைந்தால் ஒவ்வொரு படியிலும் முழங்காலுக்கு 15 கிலோவுக்கு மேல் பாரம் குறைகிறது, ஐயாயிரம் தடவை.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் நம் பக்கத்து வீடுகளில் வழமையாக உள்ளதை வைத்துச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் நாற்பது கிராமுக்கு மேல் சீனி, ஏறத்தாழ 160 கலோரி. ஸ்டாஃப் ரூம் தேத்தண்ணிகளை முதலில் அரைக் கரண்டிக்குக் கொண்டுவாருங்கள், வீட்டுக் காலைத் தேத்தண்ணியைக் கடைசியாகத் தொடலாம். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் மட்டும் காலைச் சாப்பாடு என்றால் பத்து மணிக்கே பசிக்கும். ரொட்டி ஒன்றைக் குறைத்து ஒரு முட்டை, அல்லது கெட்டிப் பருப்பு ஒரு கோப்பை. புரதம் நாளைக்கு எண்பது கிராம் அளவில் வந்தால் போதும். முட்டையில் ஆறு, காய்ந்த சோயா மீட் ஐம்பது கிராமில் இருபத்தைந்து, கெட்டிப் பருப்பு ஒரு கோப்பையில் பதினைந்துக்குக் கிட்ட. நெத்தலி, டின் மீன் எல்லாம் கணக்கில் சேரும். பவுடர் டப்பா வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தக் காசுக்கு ஒரு மாத முட்டை வரும். ஜிம் நாட்களில் பாடசாலை விட்டதும் சோற்றுப் பார்சலில் பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மிச்சம் வீட்டுக்குப் போய். வயிறு நிறைந்தபடி குனிந்து டம்பெல் எடுப்பது சரிவராது.

சீனி 112 என்பது நீரிழிவு அல்ல, வெறும் வயிற்றில் அது 126இலிருந்து. ஆனால் அதற்கு முந்திய படியில் நிற்கிறீர்கள். தொடைதான் உடம்பில் இருக்கிற பெரிய தசைகளில் ஒன்று. வேலை செய்யும்போதும், அதற்குப் பிறகு ஒரு நாள் அளவுக்கும் அது இரத்தத்தில் உள்ள சீனியைக் கூடுதலாக இழுத்தெடுக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்தால் அதுவும் உதவும். பெப்ரவரியில் திரும்ப வெறும் வயிற்றுச் சீனியும், முடிந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் HbA1c சோதனையும் செய்யுங்கள். நடுவில் கிழமைக்குக் கிழமை குத்திப் பார்த்து மனத்தைக் கலக்கிக்கொள்ளத் தேவையில்லை. மலைக்குப் போவதற்கு முந்தின நாளோ வந்த மறுநாளோ இரத்தம் கொடுக்க வேண்டாம், ஒழுங்கில்லாத நித்திரையும் தசை நோவும் அளவைக் குழப்பலாம்.

ஜனவரி முதல் கிழமையில் அந்த வாசல் படிச் சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள். இடது காலில் 15 செ.மீ. உயரத்தில், முழங்கால் உள்ளே சரியாமல், வலி மூன்று புள்ளிக்கு மேல் போகாமல் பத்துத் தடவை வந்தால் பெப்ரவரிப் பயணத்துக்கு வான் பேசலாம். வராவிட்டால் வீட்டில் சொல்லி மார்ச் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். உந்துவப் போயாவுக்குத் தொடங்குகிற பருவகாலம் வெசாக் வரைக்கும் இருக்கிறது. எப்படியானாலும் நல்லதண்ணியில் ஒரு பொல்லு வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது அதை வலது கையில் பிடித்து, இடது கால் கீழே வைக்கும் அதே நேரத்தில் ஊன்றுங்கள்.